நான் நேராக்கிய நான்காவது வரி

கறம்பக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பது என் வேலை. மனு, பயோடேட்டா, காதுகுத்துப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம் என்று எது வந்தாலும் அடிப்பேன். வருகிறவர்கள் முதலாளியிடம் பேசுவார்கள், முதலாளி என்னிடம் சொல்வார். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. முன்பின் தெரியாதவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் இந்த வயதிலும் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வேன்.

பரீட்சைக் காலத்தில் கேள்வித்தாள்கள் வரும். கணக்குக் கேள்வித்தாள் அடிக்க எங்கள் பக்கம் ஆள் குறைவு. பின்னம், வர்க்கமூலம், பாம்பு போல நெளிந்து நிற்கும் தொகையிடல் குறி ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்து அடிக்க வேண்டும். நான் அதைப் பழகிக்கொண்டேன். பழகினேனே தவிர அர்த்தம் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் நான் எடுத்தது வணிகவியல், அதோடு படிப்பு நின்றது. கோலத்தைப் பார்ப்பதுபோலத்தான் சூத்திரத்தைப் பார்ப்பேன். இந்தப் பக்கம் ஒரு வளைவு இருந்தால் அந்தப் பக்கமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கை தானாக அங்கே போகும்.

கணக்கு டீச்சர் ஒருவர் எங்கள் கடைக்கு வாடிக்கை. முப்பது வயதிருக்கும். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டு ஒரு நர்சரிப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு டியூஷன். ப்ளஸ் டூ வகுப்பறையில் நின்று பாடம் எடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதை மறைக்கவும் மாட்டார். "ஒண்ணாவது புள்ளைகளுக்கு ஒண்ணுக்குப் போறதுக்கு லைன் நிக்க வைக்கத்தாங்க்கா நான் எம்.எஸ்ஸி. படிச்சிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லி முடித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

ஒருமுறை அவர் எழுதிக் கொடுத்த டியூஷன் கேள்வித்தாளில் எல்லாத் தொகையிடல் கணக்குகளின் முடிவிலும் dx இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. "டீச்சர், இதுல மட்டும் வாலைக் காணோம்" என்றேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அய்யோ, ஆமா! அக்கா, நீங்க கணக்கு படிச்சிருக்கணும்" என்றார். முதலாளியும் அங்கே இருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நான் அன்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமைக்கும்போதும் அது கூடவே இருந்தது. அதற்குப் பிறகு டீச்சர் தன் தாள்களைத் திருப்பிச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டார். "அக்கா பார்த்தா போதும்" என்பார்.

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர் தேவை என்று அவருக்குத் தகவல் வந்தது. நேர்காணல் கிடையாது, டெமோ கிளாஸ். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தாளாளரும் முதல்வரும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெருக்கலைக் கூட்டலாகவும் கூட்டலைப் பெருக்கலாகவும் மாற்றும் முக்கோணவியல் சூத்திரங்களை டீச்சர் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் மனப்பாடம் செய்து மறந்துபோகிற இடம், அது எதற்கு உதவும் என்று காட்டினால் எடுபடும் என்று நினைத்தார்.

சூத்திர அட்டை அடிக்க வந்த அன்று எங்கள் கடைக்குப் பின்னால் மாவு மில்லில் இரண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. ஊங்... ஊங்... என்று சத்தம் ஏறி இறங்கியது. கரண்ட் கூடிக் குறைகிறது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"கரண்ட் இல்லக்கா. ரெண்டு மோட்டாரும் கிட்டத்தட்ட ஒரே வேகம், ஆனா இம்மி வித்தியாசம். ரெண்டு சத்தமும் சில நேரம் ஒண்ணா கைகோத்துக்குது, சில நேரம் ஒண்ணை ஒண்ணு அமுக்கிருது. புத்தகத்துல இதுக்கு விம்மல்னு பேரு" என்றார் டீச்சர். திடீரென்று என் போனைப் பார்த்தார். "அக்கா, ஒங்க போனையும் ஒங்களையும் ஒரு நாளைக்கு எனக்குக் கடன் குடுங்க. ரெண்டு போன் வேணும். எனக்குக் கூட ஒரு ஆளும் வேணும், தனியாப் போகப் பயமா இருக்கு."

நான் சரி என்றேன். யாரும் என்னை எதற்கும் துணைக்கு அழைப்பதில்லை.

அவர் எழுதிக் கொடுத்த தாளில் பெருக்கலைக் கூட்டலாக்கும் சூத்திரங்கள் நான்கு வரி.

2 sin A cos B = sin(A+B) + sin(A−B)
2 cos A sin B = sin(A+B) − sin(A−B)
2 cos A cos B = cos(A+B) + cos(A−B)
2 sin A sin B = cos(A−B) − cos(A+B)

முதல் மூன்று வரியிலும் A+B முன்னால், A−B பின்னால். நான்காவதில் மட்டும் இடம் மாறி இருந்தது. எனக்கு அது dx இல்லாத கணக்கைப் போலவே தெரிந்தது. பரபரப்பில் டீச்சர் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அவரைக் கேட்டிருக்கலாம், கூப்பிடு தூரத்தில்தான் வீடு. கேட்காமல் சரிசெய்து கொடுத்துவிட்டால் பிறகு தெரியவரும்போது என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு இனித்தது. நான்காவது வரியையும் மற்ற மூன்றைப்போல நேராக்கினேன். அட்டைகள் அச்சாயின. டீச்சர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகா இருக்கு!" என்றார்.

புதுக்கோட்டையில் பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் டீச்சர் வாய்க்குள் பாடத்தை ஓட்டிக்கொண்டே வந்தார். பள்ளி வகுப்பறை பெரியது. ப்ளஸ் டூ பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். கடைசி வரிசையில் தாளாளர், வெள்ளைச் சட்டை, சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகிறவராம். பக்கத்தில் முதல்வர் அம்மா. அவரும் கணக்குப் படித்தவர்தான் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். எனக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் போனதும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தன் போனை மேசையில் வைத்தார், என்னுடையதை என் கையில் கொடுத்து முன்னால் நிற்கவைத்தார். இரண்டிலும் இடைவிடாமல் சீராக ஒலி எழுப்பும் செயலி. ஒன்றில் நொடிக்கு 440 அதிர்வு, மற்றதில் 442. முதலில் ஒன்று, பிறகு மற்றது. இரண்டும் ஒரே மாதிரி நீளமான கூவல்.

"வித்தியாசம் தெரியுதா?"

"இல்ல டீச்சர்."

"ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க."

வ்வூ-வ்வூ-வ்வூ என்று அறை முழுக்கச் சத்தம் துடித்தது. பிள்ளைகள் கத்தினார்கள். "டீச்சர், ஆம்புலன்ஸ் வருது!" என்றான் ஒருவன். "ஒன்ன ஏத்திட்டுப் போகத்தான்" என்றது இன்னொரு குரல். தாளாளரே சிரித்துவிட்டார்.

டீச்சர் பலகையில் கூட்டலைப் பெருக்கலாக்கும் சூத்திரத்தை எழுதினார். sin C + sin D = 2 sin((C+D)/2) cos((C−D)/2). "ரெண்டு சத்தத்தைக் கூட்டுறோம். கூட்டலா வெச்சுப் பார்த்தா ஒண்ணும் புரியாது. பெருக்கலா மாத்துங்க. சைனுக்குள்ள இருக்கறது ரெண்டோட சராசரி, 441. அதுதான் நம்ம கேக்குற சுருதி. காஸுக்குள்ள இருக்கறது வித்தியாசத்துல பாதி, நொடிக்கு ஒண்ணு. அது மெதுவா ஏறி எறங்கி அந்தச் சுருதியைக் கூட்டிக் கொறைக்குது. வால்யூம் பட்டனைத் திருகுற கை மாதிரி."

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். இரட்டைச் சடை. "டீச்சர், காஸ் நொடிக்கு ஒரு சுத்துதான். ஆனா சத்தம் நொடிக்கு ரெண்டு தடவை அடிக்குதே?"

முதல்வர் அம்மா தலை நிமிர்ந்தார். டீச்சர் முகம் மலர்ந்தது. "நல்லாக் கேட்ட. காஸ் மேல உச்சிக்குப் போனாலும் ஒனக்குச் சத்தம், கீழ அடி மட்டத்துக்குப் போனாலும் சத்தம். நடுவுல பூச்சியத்தைத் தாண்டும்போதுதான் அடங்கும். ஒரு சுத்துல உச்சி ஒண்ணு, அடி ஒண்ணு. அதான் ரெண்டு. 442-லேர்ந்து 440 போனா எவ்வளவு?"

"ரெண்டு!"

அந்த நேரத்தில் டீச்சருக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நான் நினைத்தேன். கையில் போனை வைத்துக்கொண்டு, அந்த வெற்றியில் எனக்கும் பங்கு இருப்பதுபோல நின்றேன். பிறகு போய் உட்கார்ந்தேன்.

அடுத்தது தொகையிடல். நான் அடித்த சூத்திர அட்டைகளை டீச்சர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். sin 3x-ஐயும் sin x-ஐயும் பெருக்கி, பூச்சியத்திலிருந்து π/3 வரை பரப்பு காண வேண்டும். "பெருக்கலா இருக்குற வரைக்கும் தொகையிடக் கை வராது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கூட்டலா, கழித்தலாப் பிரிச்சு விட்டா ஒவ்வொருத்தரையும் தனித்தனியாத் தொகையிட்டுறலாம். அட்டையில நாலாவது வரியைப் பாருங்க" என்றார். கூடவே பலகையில் வரைபடமும் போட்டார். அந்த எல்லைக்குள் இரண்டு வளைவுமே கோட்டுக்கு மேலேதான் இருந்தன.

இரட்டைச் சடைப் பெண்ணே பலகைக்கு வந்தாள். அட்டையைப் பார்த்து எழுதினாள். cos 4x − cos 2x, அதில் பாதி. தொகையிட்டாள், எல்லையைப் போட்டாள், வேகமான பெண். கடைசியில் எழுதிய விடை −3√3/16.

சாக்பீஸை வைத்துவிட்டு நின்றாள். பிறகு அவளே, "டீச்சர், மைனஸ் வருது" என்றாள்.

"பரப்பு மைனஸ்ல வருமா? கெணறு தோண்டிட்டாடா" என்றான் ஆம்புலன்ஸ் பையன்.

டீச்சர் பலகையைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். அவர் கண் எந்த வரியில் நின்றது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கணக்குத் தெரியாதவளுக்கு அதுமட்டும் எப்படித் தெரிந்தது என்றால், நான் கைவைத்த வரி அது ஒன்றுதான். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

அட்டையை உயர்த்திக் காட்டினார். குரல் மாறவே இல்லை. "படம் பிளஸ்னு சொல்லுது. கணக்கு மைனஸ்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய். இந்தப் புள்ள போட்டதுல ஒரு தப்பும் இல்ல. அப்ப இந்த அட்டையிலதான் ஒரு வரி பொய் சொல்லுது. எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அச்சடிச்சதை எல்லாம் நம்பிருவீங்களா?"

பிள்ளைகள் குனிந்து அட்டையைப் பார்த்தார்கள். பிறகு கசகசவென்று பேச்சு. டீச்சர் ஒரு குறிப்புக் கொடுத்தார். "நாலாவது வரியில A-யும் B-யும் ஒண்ணுன்னு வெச்சுப் பாருங்க."

இரட்டைச் சடைப் பெண் உடனே, "இடது பக்கம் 2 சைன் ஸ்கொயர் A" என்றாள். பின்னாலிருந்து ஒரு பையன், "வலது பக்கம் காஸ் 2A மைனஸ் ஒண்ணு" என்றான்.

"A தொண்ணூறு டிகிரின்னா?"

"இடது பக்கம் ரெண்டு. வலது பக்கம்... மைனஸ் ரெண்டு! டீச்சர், ஸ்கொயர் எப்படி மைனஸ் ஆகும்? வரி திரும்பியிருக்கு!"

"திருப்பிப் போடு."

அவள் cos 2x − cos 4x என்று மாற்றினாள். விடை 3√3/16. கோட்டுக்கு மேலே இருந்த பரப்பு மேலேயே நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தாளாளர் முதல்வரிடம் குனிந்து, "வேணும்னே தப்பாக் குடுத்துக் கண்டுபிடிக்க வெக்கிறாங்க பாருங்க. நல்ல டெக்னிக்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. டீச்சருக்கும் கேட்டிருக்கும். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துடைப்பானை எடுத்துப் பலகையைத் துடைக்கத் திரும்பினார்.

அங்கே நான் உட்கார்ந்திருந்தால் போதும். என் வாழ்நாள் முழுக்க நான் செய்துவந்தது அதுதானே. ஆனால் அன்று உட்கார முடியவில்லை. என்னால் வந்த தப்பை டீச்சர் சுமக்கிறார் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் நான் திருடி என்று நினைத்தேன். டீச்சருக்கு அப்போது என்ன தேவை என்று மட்டும் நினைக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், டீச்சர் சரியாத்தான் எழுதிக் குடுத்தாங்க. நான்தாங்க மாத்தி அடிச்சுட்டேன். மேல மூணு வரி மாதிரி இருக்கட்டும்னு நெனச்சு... டீச்சர் மேல தப்பு இல்லீங்க."

இத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுவே முதல் தடவை. குரல் உடைந்து, தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். டீச்சர் துடைத்துக்கொண்டிருந்த கை பலகையிலேயே நின்றுவிட்டது.

தாளாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமே இல்லை. "உக்காருங்கம்மா, உக்காருங்க. பரவாயில்ல." பிறகு டீச்சரிடம், "அப்ப நீங்க வேணும்னு குடுக்கலையா?"

டீச்சர் திரும்பினார். "இல்ல சார். இப்பத்தான் பார்த்தேன்."

முதல்வர் அம்மா கேட்டார். "அச்சானதும் ஒரு தடவை படிச்சுப் பார்க்கலையா?"

"இல்ல மேடம். பார்க்காம விட்டது என் தப்பு."

"பப்ளிக் எக்ஸாம் எழுதற புள்ளைங்க" என்றார் முதல்வர். தன் முன்னால் இருந்த தாளில் ஏதோ எழுதினார். மீதி நேரம் டீச்சர் இன்னொரு கணக்குப் போட்டார். நன்றாகவே போட்டார். பிள்ளைகள் கைதட்டவில்லை, நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றார். மறுபடியும் கேட்டேன். "விடுங்கன்னு சொன்னேன்ல." புதுக்கோட்டை வந்து கறம்பக்குடி பஸ்ஸில் ஏறிய பிறகு அவரே பேசினார். வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"மாத்தி அடிச்சதுக்கு எனக்கு வருத்தம் இல்லக்கா. நான் பார்த்திருக்கணும். ஆனா எதுக்கு எந்திரிச்சீங்க?"

"ஒங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னு..."

"என் பேரு அப்ப கெடலையே. நான் பொய் ஒண்ணும் சொல்லல. அவங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டாங்க. கிளாஸ் முடிஞ்சதும் தனியா நானே அவங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். இல்ல, சொல்லாமலும் விட்டிருப்பேன், எனக்கே தெரியல. அதை நான்ல முடிவு பண்ணணும்?"

அவர் பேருக்காக நான் எழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கிவைக்கத்தான் எழுந்தேன். இறக்கிவைத்த இடம் அவர் தலை.

சில நாள் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. டீச்சர் கடைக்கு வந்து முதலாளியிடம்தான் சொன்னார். "வேலை கெடச்சிருச்சு. ஒன்பதாவது, பத்தாவதுக்கு. ப்ளஸ் டூவுக்கு வேற ஆளு போட்டுட்டாங்க."

"அட, நர்சரிக்கு இது எவ்வளவோ தேவலையே" என்றார் முதலாளி.

"ஆமாண்ணே, தேவலைதான்."

நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை. அன்று அந்த வகுப்பறையில் வந்த வாய், வரவேண்டிய இடத்தில் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு மாலை அவர் மறுபடி வந்தார். கையில் ஒன்பதாம் வகுப்புக் கேள்வித்தாள். கடையில் கூட்டம். நான் தாளை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிச்சுக்கிறீங்களா? நானே அடிச்சுக்கிறேன்."

முதலாளி ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். காத்திருந்தவர்களும் பார்த்தார்கள். நான் எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தேன். டீச்சர் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிபார்த்தார். பின்னக்குறி வந்த இடத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து மூடினார். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லலாம் என்று நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவர் கேட்கவில்லை. நெடுநேரம் தேடி, அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.